காப்பாளர் பெயர்

நாத்தனார் ரோஜாவைப் பச்சையம்மாவுக்கு ஏன் பிடிக்காது என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்லுவாள். உள்ளபடி ஒன்றே ஒன்றுதான். மகள் யாமினி ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஆந்திராவில், சூளூர்பேட்டையில் ரோஜா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தாலும் நாலு நாளில் "எங்க ஊட்டுக்குப் போறேம்மா" என்கிறாள். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இப்போது ஆறாவதுக்கு அங்கேயே அரசு ஹாஸ்டல் பள்ளி. தெலுங்கு ஃபாரத்தை ரோஜா போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். அகலத் தாள் என்பதால் இடது பாதி, வலது பாதி என்று நாலு துண்டு. பெற்றவர்கள் பதில் சொன்னால் அவளே நிரப்பிவிடுவாளாம். அவளிடமே அர்த்தம் கேட்க மானம் இடம் கொடுக்குமா? கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் ஷைனியிடம், படித்துப் பதிலும் அடித்துத் தரச் சொல்லிப் போனை நீட்டினாள் பச்சையம்மா.

ஷைனிக்கும் தெலுங்கு வராது. ஒவ்வொரு துண்டாகப் போன் மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தாள். "காப்பாளர் பெயர்னு இருக்குக்கா."

"காப்பாளரா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்? அவ பேரப் போட இடம் வச்சுக்கினுதான் அனுப்பிக்கிறா! ஃபாரமும் வேணாம், ஸ்கூலும் வேணாம். பொண்ண இட்டுக்கினு வந்துடறேன்."

"இருக்கா, பேஜாரு பண்ணாத." ஷைனி முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டோவைப் பெரிதாக்கினாள். "மத்த கேள்விக்கெல்லாம் முன்னால நம்பர் இருக்கு. இதுக்கு இல்லியே."

பாதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒரே படமாக்கி மறுபடி போட்டாள். அறுந்த வரி சேர்ந்துகொண்டது: காப்பாளர் பெயர், பெற்றோர் இல்லாவிட்டால் மட்டும் எழுதவும்.

"இது கேள்வியே இல்லக்கா, குறிப்பு. 'பெற்றோர் இல்லாவிட்டால்'ங்கிறது அடுத்த போட்டோல போய்டுச்சு. நீயும் அண்ணனும் இருக்கீங்க, விட்டுடலாம்."

பச்சையம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. ரோஜாவுக்கு அந்தத் தாளில் ஒரு மூலைகூட இல்லை!

"ஆனா இன்னொண்ணு மாறிப்போச்சு," என்றாள் ஷைனி. "மொதல்ல 'ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க'ன்னு வந்துதே, ஹாஸ்டல் ரூல்னு தள்ளிட்டேன். அதுக்கு நம்பர் இருக்கு பாரு, பன்னெண்டு. மீதி வலது பாதில: 'வருபவர் பெயர், உறவு', அப்புறம் புள்ளி புள்ளியா காலி இடம். இதுதான்க்கா நெசமான கேள்வி. ஒரு பேருதான்."

"என் பேரு போடு."

"போடறேன். ஞாயித்துக்கிழமை அங்க போவியா?"

ஞாயிறு அவளுக்கு இரும்புக் கம்பெனியில் டியூட்டி. புருஷன் நாகமுத்து பழவேற்காட்டு ஏரியில் வலையோடு இருப்பான். ஹாஸ்டல் கேட்டுக்கு உள்ளே யாமினி மட்டும் நின்றுகொண்டிருப்பாள்.

பச்சையம்மா போனில் அந்தப் புள்ளி வரியைப் பார்த்தாள். பொறாமை துளிகூடக் குறையவில்லை, நெஞ்சில் திகுதிகுவென்றுதான் இருந்தது.

"ரோஜான்னு போடு," என்றாள் கடைசியில். "ஆதார்ல இருக்கிற மாதிரியே, தப்பில்லாம எழுதச் சொல்லி அவளுக்கு அடி. கேட்ல திருப்பி அனுப்பிடப் போறானுங்க."