பாவு ஏறும் வரை

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கனிமொழியின் புடவைக் கடை சின்னது, அவள் வாய்தான் பெரியது. அம்மையார்குப்பம் கைத்தறிப் புடவைகளை வெப்சைட்டிலும் விற்கிறாள். அதைப் பார்த்துக்கொள்வது அக்கா வீட்டுக்காரர் திலீப். ஆடிக் கிருத்திகை நெருங்கியபோது அவர் பண்ணிய வேலை இருக்கிறதே, அடடா! தள்ளுபடிக்கு ஒரு கடிகாரம் வைத்தார். பக்கத்தை எப்போது திறந்தாலும் அது ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று புதிதாக ஓடும். கனிமொழிக்கு இது தெரியவே தெரியாது.

ஆவடியிலிருந்து வாடிக்கையாக வாங்கும் கமலா டீச்சர் இரண்டு படம் அனுப்பினார். ஒன்று நேற்று எடுத்தது, மற்றது இன்று. இரண்டிலும் அதே இரண்டு மணி நேரம். கீழே, ‘நீயுமா கனி?’ என்று ஒரு வரி. கனிமொழிக்கு முகம் எரிந்தது.

படங்களைக் காட்டியும் திலீப் அசையவில்லை. “எல்லாரும் இப்பிடித்தான் போட்டுகினு இருக்காங்க.”

“நெஜமான அவசரம் இருந்தா சொல்லுங்க பாவா. இல்லாத அவசரத்த ஏன் உண்டாக்கணும்?”

அன்றே கடிகாரத்தை எடுத்தாள். அது பொய், தப்பு எங்களுடையது, அந்த அவசரத்தில் வாங்கியவர்கள் திருப்பித் தரலாம், முழுப் பணமும் கிடைக்கும் என்று வெப்சைட் பக்கத்தில் எழுதினாள். சிலர் திருப்பினார்கள். கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று திலீப் முணுமுணுத்தார். டீச்சருக்கும் அதை அனுப்பினாள், பதில் வரவில்லை.

அப்புறம் நெசவாளர் கஜபதி வந்தார். அரக்கு நிறப் பாவு, அதாவது புடவையின் நீள நூல், சனிக்கிழமை தறியில் ஏறும். அதற்குள் எத்தனை புடவை என்று தெரிந்தால் நூலை மொத்தமாக வாங்கலாம், விலையும் குறையும் என்றார். கனிமொழி அதை அப்படியே பக்கத்தில் போட்டாள். வெள்ளி மாலை ஆறு மணி வரை முன்பதிவு விலை. பிறகு முழு விலை. பதிவுக்கு மேல் கூடுதலாகச் சில புடவைகள் நெய்வோம், பிறகும் கிடைக்கும், யோசித்து வாங்குங்கள். இப்போது வைத்திருக்கும் இந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒன்று. எத்தனை முறை திறந்தாலும் மாறாது.

வெள்ளி ஆறு மணிக்கு விலை மாறியது. இன்னொரு நாள் நீட்டலாமே என்று திலீப் கெஞ்சும்போதே போன் அடித்தது. கமலா டீச்சர்! ரயிலில் சிக்னல் கிடைக்கவில்லை, பத்து நிமிஷம் தவறிவிட்டது, பழைய விலைக்குத் தருவாயா என்றார். இவரை இழந்தால் இழந்ததுதான்.

“மன்னிச்சிக்கோங்க டீச்சர். முடிஞ்சிபோச்சி. நேரத்துக்குள்ள வாங்கினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

டீச்சர் சிரித்தார்.

“முழு விலைக்கே மூணு எடுத்து வை. அந்த ரெண்டு படத்த எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் காட்டினேன். இதையும் சொல்றேன்.”

சொன்னார் போலிருக்கிறது. அடுத்த பாவுக்குக் கடிகாரம் பாதி ஓடுவதற்குள்ளேயே, இதற்கு மேல் தறி தாங்காது என்று கஜபதி கையெடுத்துக் கும்பிட்டார். ‘முன்பதிவு நிரம்பியது’ என்று பக்கத்தில் போட்டவர் திலீப். போடும் முன், நிஜமாகவே நிரம்பிவிட்டதா என்று கனிமொழியிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.