வெறும் கட்டம்

மகிழினி கொண்டு வந்த பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது.

கல்மண்டபத்தில் பல வருஷமாக மொழிபெயர்ப்பு ஆபீஸ் நடத்துகிறேன். கட்டம் வெறுமையாக இருந்தால் "பெயர்: குறிப்பிடப்படவில்லை" என்றுதான் எழுதுவேன். முத்திரையில் இருக்கும் எழுத்து வரை எல்லாவற்றையும் இங்கிலீஷில் மாற்றி, முழுமையானது, சரியானது என்று என் கையெழுத்தும் சீலும் வைத்துத் தருவது என் வேலை. இல்லாததைச் சேர்ப்பது என் வேலை இல்லை.

"பாஸ்போர்ட்ல பேரு இருக்குதே மேடம். அதப் பாத்துப் போட்டுருங்க. இந்த மாசத்துக்குள்ள அயர்லாந்து காலேஜுக்கு அனுப்பணும்."

"பாஸ்போர்ட்டையா மொழிபெயர்க்கிறேன்? அத்திப்பட்டுல பதிவு பண்ண ஆபீஸுக்கே போய்ப் பேரைச் சேர்த்துட்டு வா. லேட்டானாலும் இப்போ சேர்க்க விடறாங்க. அப்பா அம்மா கையெழுத்து வேணும்."

அவள் முகம் வாடியது. "அப்பா இல்ல. அம்மா போடாது."

மறுநாள் அம்மாவையே அழைத்து வந்தாள். வேம்பு. அனல் மின் நிலையத்தில் துப்புரவு வேலை. மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு முன்ன ஒண்ணு பொறந்துச்சும்மா. அதுக்கும் இதே பேருதான், அவங்க அப்பா ஆசப்பட்டு வெச்சாரு. ஆபீஸ்ல பேர எழுதிட்டு வூட்டுக்கு வந்தோம். அன்னிக்கே ஜுரம். ஒரு வாரத்துல போயிருச்சு. இதுக்கு எழுதவே வேணாம்னு நான் சொல்லிட்டேன். அந்தாளு கேக்காம இஸ்கூல்ல அதே பேரக் குடுத்துட்டாரு. நான் இன்னி வரைக்கும் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல."

மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கும் உள்ளே ஏதோ பயமாக இருந்தது.

"இங்கிலீசுல பேரு வேறயா மாறிடுமா?" என்று கேட்டாள்.

"எழுத்துதான் மாறும். கூப்பிடறது அப்படியேதான்."

சான்றிதழை எடுத்து அந்த வெறும் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "எம் பொண்ணு ஆசையக் கெடுக்க நான் யாரு," என்று எழுந்து போனாள்.

அடுத்த வாரம் அம்மாவும் மகளும் புதுச் சான்றிதழோடு வந்தார்கள். பழைய பதிவின் நகல், தமிழில்தான். பெயர்க் கட்டத்தில் புது மையில் மகிழினி. நான் மொழிபெயர்த்து, உறுதிமொழி எழுதி, சீல் வைத்து உறையில் போட்டுக் கொடுத்தேன். மகள் அதை வாங்கிக்கொண்டு முதலில் படியிறங்கினாள்.

வேம்பு படியின் மேலேயே என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "மகிழினி" என்றாள்.

மகள் படியில் நின்று திரும்பினாள். இருபத்தோரு வயதில் முதல் தடவையாக அம்மா வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டு அப்படியே அழுதுவிட்டாள்.

வேம்பு அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் திரும்பிப் பாக்குதுங்கம்மா," என்றாள் என்னிடம்.