அட்டையில் இருந்த பிறந்தநாள்

துறைமுகத்தடியில் புடவைக்கடை வைத்திருந்த லைலா, முற்பணம் கட்டிப் புடவை ஒதுக்கிவைத்தவர்கள் கடைக் கொப்பியில் எழுதிய, பிறந்த ஆண்டும் நாளும் பொதிந்த அடையாள அட்டை இலக்கத்திலிருந்து அவர்களின் பிறந்தநாளைக் கணித்தாள். வாழ்த்தையும் பத்து வீத விலைக்கழிவையும் கைப்பேசியில் அனுப்பினாள்.

மறுநாளே பழைய வாடிக்கையாளர் புஷ்பவதி வந்து கடைக்கதவைச் சாத்தினாள்.

“என்ர பிறந்தநாளை உமக்கு ஆர் சொன்னது? சோதனைச்சாவடியில ஆமிக்காரரும் இதைத்தான் கேட்டவங்கள்.”

லைலா கொப்பியை எடுத்துக் காட்டினாள். “அட்டை இலக்கத்தில பார்த்தனான் அக்கா. சந்தோசப்படுவீங்களெண்டு நினைச்சன்.”

“சந்தோசமோ? ஆரோ என்னைப் பின்தொடருறாங்களெண்டு நடுங்கிப் போனன்!”

புஷ்பவதியின் கண் முன்னாலேயே லைலா கொப்பியிலிருந்த இலக்கங்களை எல்லாம் பேனாவால் வெட்டினாள். “இனி ஆக்கள் தாங்களாப் பிறந்தநாளைச் சொன்னால்தான் எழுதுவன்.”

புஷ்பவதி கொப்பியைச் சந்தேகத்தோடு பார்த்தாள். தன் இலக்கமும் வெட்டுப்பட்டிருந்ததைக் கண்டபின்தான் பேசினாள்.

“அட்டையில இருக்கிறது, பள்ளிக்கூடத்தில சேர்க்க அப்பா மாத்திக் குடுத்த நாள். நான் மாசி மகத்தண்டு பிறந்தனான். அதை எழுதும். அண்டைக்கு வாழ்த்து அனுப்பும், கழிவெண்டு மட்டும் போடாதையும்.”