கோட்டுக்கு எந்தப் பக்கம்

தேயிலை விலை சரிந்து ஃபேக்டரியை மூடிவிட்டதால், கோகிலவாணியும் நசீராவும் ஊட்டி ஹோட்டல் வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு வந்திருந்தார்கள். நசீரா முதலில் உள்ளே போனாள்.

வெளியே கோகிலவாணி அகராதியை விரித்தாள். 'ரெஸ்பான்ஸிபிலிட்டி'. உச்சரிப்புக் குறியில், அழுத்தத்தைக் காட்டும் சிறு மேல்கோடு 'பி'க்கு முன்னால் நின்றது. கோட்டுக்கு முந்தைய அசையை அழுத்தித்தான் அவள் பழகியிருந்தாள். ஆனால் அந்த அசையில் தலைகீழான ஆங்கில 'e' எழுத்து இருந்தது; அழுத்தமே ஏறாத மங்கல் ஒலி அது. பதறிப்போய் முன்பக்கக் குறிப்பைப் புரட்டினாள். கோட்டை அடுத்து வரும் அசைக்குத்தான் அழுத்தமாம்.

தேர்வுக்கென்று பழகிவைத்த நாற்பது சொல்லும் தப்பு. "நீங்க சொன்னாச் சரிதானுங்கக்கா" என்று நேற்று நசீராவும் அப்படியே உருப்போட்டிருந்தாள்.

கதவுக்குள்ளிருந்து நசீராவின் குரல் கேட்டது. கோகிலவாணி கற்றுக்கொடுத்த இடத்திலேயே அழுத்தி, கணீரென்று, துளியும் தயங்காமல்.