காலிப் பெட்டி

"பெட்டி காலியா இருக்கு," என்றார் டைரக்டர்.

திரையில் மூட்டை தூக்கும் கிழவர் இரும்புப் பெட்டியை நெஞ்சுவரை தூக்கியிருந்தார். முகம் கோணியிருந்தது, கை நடுங்கியது. பெட்டி மட்டும் பஞ்சாய் எழுந்து வந்தது.

அனிமேட்டருக்குக் காது சிவந்தது. அவளுடைய முதல் பெரிய ஷாட் அது. அவள் போட்ட முதல் வடிவத்தில் கிழவர் காலை அகட்டி, மூச்சை இழுத்து, ஒருமுறை இழுத்துப் பார்த்துத் தோற்று, அப்புறம்தான் தூக்கினார். "இவ்வளவு நேரம் எதுக்கு மசமசன்னு நிக்கறாரு?" என்று அத்தனையையும் வெட்டச் சொன்னவர் டீம் லீடர். ஆபீஸில் அவருக்கு ஹீரோ என்று பெயர். தானே நடித்து வீடியோ எடுத்துக் கொடுத்து, அதை அச்சுப் பிசகாமல் வரையச் சொல்வார். இவளும் வரைந்து தொலைத்தாள்.

"நான் நடிச்சே காட்டினேன் சார். இவளுக்கு வெயிட்டே வர மாட்டேங்குது. ஷாட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்," என்றார் ஹீரோ, கூசாமல்.

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போனாள். ஹீரோ வீடியோவில் தூக்கிய அதே பிரின்டர் அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, அலமாரியில் இருந்த பேப்பர் கட்டுகளை எல்லாம் அதற்குள் அடுக்கினாள். ஒவ்வொரு கட்டும் தொம்மென்று விழுந்தது.

"இப்போ தூக்குங்கண்ணா."

"என்ன விளையாட்டு இது?"

"தூக்குங்க."

டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஹீரோ சிரித்தபடி குனிந்து வெடுக்கென்று இழுத்தார். கை நீண்டது, தோள் கீழே இறங்கியது, பெட்டி அசையவில்லை. சிரிப்பு போய்விட்டது. காலை அகட்டினார். இடுப்பை இறக்கினார். மூச்சை இழுத்து அடக்கினார். பெட்டியின் ஒரு மூலை மெல்ல எழும்பியது, பிறகு மறுமூலை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து, குட்டிக் குட்டி அடியாக நான்கு வைத்தார். தன் மேஜைமேல் இறக்கிய பிறகுதான் மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது. முகம் ஒன்றும் கோணவில்லை. அதற்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது?

"இதைத்தான்யா கேட்டேன்!" என்றார் டைரக்டர்.

"அதான் சார், நானும் இவகிட்ட இதையேதான்…" மூச்சு வாங்கியது ஹீரோவுக்கு.

"பொய் சொல்லாதீங்கண்ணா," என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க தூக்கினது வெறும் பெட்டி. மூஞ்சியை மட்டும் சுளிச்சீங்க. நான் போட்டதை வெட்டினதும் நீங்கதான்."

டைரக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"வெட்டினது இருக்கா?"

"இருக்கு சார்."

"அதையே போடு. ஷாட் உன்கிட்டயே இருக்கட்டும்."

ஹீரோ மன்னிப்பு கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். பெட்டி அவருடைய மேஜைமேல்தான் கிடந்தது. இறக்கி வைக்க யாரும் வரவில்லை.