பாங்கு பின்னால் போகாது

ராம்கி வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஃபர்ஹாவும் தட்டினாள். தட்டிய கையால் அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அறைந்தால் ஒரு நாளில் ஆறிப்போகும். அவளுக்கு ஆறாதது வேண்டும்.

மதுரையில் ஒரு தனியார் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் அவள் தற்காலிக விரிவுரையாளர். ராம்கி கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பெருநாள்தோறும் அவள் வீட்டுக்கு வந்து பிரியாணி தின்று, அவள் அப்பாவை அவளைப் போலவே "அத்தா" என்று கூப்பிட்டவன். கண்மாய் ஒன்று பாழானதைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்று சொன்னபோது, கண்மாய்க்கரையில் கோழிக்கறிக்கடை வைத்திருந்த அத்தா சேக் இஸ்மாயிலைப் பேச வைத்ததே ஃபர்ஹாதான். மைக் கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளும் அவள்தான்.

படம் வந்தது. "இம்புட்டுக் கழிவையும் கண்மாய்ல கொட்டுனது யாரு பாய்?" என்று ராம்கியின் குரல் கேட்கிறது. "நாங்கதேன் கொட்டுனோம். லாரி வச்சுக் கொட்டுனோம்" என்கிறார் அத்தா. அந்தத் துண்டு மட்டும் போனுக்குப் போன் பரவியது. கடை வாசலில் எவனோ கோழிக்குடலைக் கொண்டுவந்து எறிந்தான். பழைய வாடிக்கையாளர்கள் தெருவின் அந்தப் பக்கமாக நடந்தார்கள். கடை மூடியாயிற்று. இன்று அவர் திருமங்கலத்தில் இன்னொருவர் கடையில் கோழி உரிக்கிறார். பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

மழைக்காலத்தில் கரை உடைந்தபோது தெருவே சேர்ந்து லாரியில் மண் கொண்டுவந்து கொட்டியது. அதைப் பற்றி ராம்கி கேட்டபோது அத்தா சொன்ன பதில் அது. ஃபர்ஹா போன் மேல் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. இணையத்தில் எழுதினாள். "மகள் வேற எப்படிச் சொல்லுவா" என்று நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு கட்டினாள்: இதை மகள் சொல்லக்கூடாது, யாரோ ஒருத்தர் கண்டுபிடிக்க வேண்டும்.

துறைத்தலைவி சத்யப்ரியா, ராம்கியைத் திரையிடலுக்குக் கூப்பிட்டுவிட்டு, "வினாத்தாள் நீ தயார் பண்ணிரு ஃபர்ஹா" என்றபோது, கேட்டது கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"அத்தா எப்படி இருக்காரு?" என்று வாசலிலேயே குசலம் விசாரித்தான் ராம்கி. "மனசுல ஒண்ணும் வச்சுக்காத. படம்னா அப்பிடித்தேன்."

"ஒண்ணும் வச்சுக்கல. உட்காரு" என்றாள். தற்காலிக வேலையில் இருப்பவள் வாய் திறக்க மாட்டாள் என்ற தைரியம் அவன் முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது.

வினாத்தாளில் மூன்று பகுதிகள். சட்டகம், சாட்சிகள், விடுபட்டவை. அத்தா பேசும் காட்சியை மூன்று முறை பார்க்க வேண்டும்: முதலில் ஒலி இல்லாமல், பிறகு படம் இல்லாமல், கடைசியில் இரண்டும் சேர்த்து.

ஒலியை நிறுத்திப் போட்டாள். கேமரா எங்கே நிற்கிறது, சட்டகத்தில் முதலில் கண்ணில் படுவது எது?

"கீழயிருந்து மேல பாக்குது மேடம்," என்றாள் அலங்காநல்லூரிலிருந்து வரும் பவதாரிணி. "முன்னால கத்தி. மனுசன் அதுக்குப் பின்னாலதேன் தெரியுறாரு. பாத்தாலே பயமா இருக்கு."

சாட்சிகள் பகுதிக்கு வந்தார்கள். கழிவு இந்தக் கடையுடையது என்று யார் சொல்கிறார், நேரில் பார்த்தவரா? பிள்ளைகள் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். பேசிய ஐந்து பேரில் ஒருவர்கூடப் பார்த்தவரில்லை. "சொல்றாங்க" என்று சொன்னவர்கள்தான் எல்லாரும். ராம்கி காலை ஆட்டிக்கொண்டு, "நல்லாப் பயிற்சி குடுத்திருக்கீங்க" என்றான்.

பிறகு திரையை அணைத்தாள். ஒலி மட்டும்.

கேள்வி வந்தது, பதில் வந்தது. பவதாரிணி நெற்றியைச் சுருக்கினாள். "நடுவுல ஏதோ குதிக்குது மேடம். பின்னாடிச் சத்தம்."

"என்ன சத்தம்?" என்றாள் ஃபர்ஹா. அவளே சொல்லிவிடலாம். சொல்லக்கூடாது.

கடைசி வரிசையில் அசீம் எழுந்தான். "இன்னொரு தடவை போடுங்க மேடம்." போட்டாள். அவன் விரலை உயர்த்தினான். "பாங்கு, தொழுகைக்குக் கூப்பிடுற சத்தம். சார் கேள்வி கேக்குறப்ப 'ஹய்ய அலல் ஃபலாஹ்' ஓடுது, அது முடியப்போற இடம். பாய் பதில் சொல்றப்ப 'அஷ்ஹது அன்ன' ஓடுது. அது முன்னாலயே வந்திருக்கணும். பாங்கு பின்னால போகாது சார். அப்ப பதில் முந்தி, கேள்வி பிந்தி."

வகுப்பு அப்படியே ராம்கி பக்கம் திரும்பியது. படத்தில் அந்த இடத்தில் தராசைக் காட்டுவார்கள். அந்தத் தராசுக் காட்சிக்கு அடியில்தான் வெட்டி ஒட்டிய இடம்.

"வேற பள்ளிவாசல் பாங்கா இருக்கும் தம்பி," என்றான் ராம்கி. "மதுரையில அம்புட்டுப் பள்ளிவாசல் இருக்கு."

"பாங்கு சொல்ற மோதினார் ஒருத்தர்தேன், ஒரே குரல் சார். ஒரே கரகரப்பு."

ராம்கியின் கால் ஆட்டம் நின்றது. பிறகு எழுந்து, குரலை உயர்த்தி, முன்வரிசையில் இருந்த சத்யப்ரியாவைப் பார்த்துப் பேசினான். "மேடம், இது பாடம் இல்ல. அந்தக் கறிக்கடைக்காரர் யாரு தெரியுமா? இவங்க அப்பா. அதை இந்தப் பிள்ளைகள்ட்ட சொன்னாங்களா? இது பழிவாங்குறது."

சத்யப்ரியாவின் முகம் கறுத்தது. பிள்ளைகள் ஃபர்ஹாவைப் பார்த்தார்கள். அசீம் மெதுவாக உட்கார்ந்தான், ஏமாந்துபோனவன் மாதிரி. வேலை போகும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதைவிட, மறுபடியும் 'மகள் சொன்னா அப்படித்தான்' என்று முடிந்துவிடுமே என்றுதான் அஞ்சினாள்.

சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகையில் 'விடுபட்டவை' என்பதற்குக் கீழே எழுதினாள்: வினாத்தாள் தயாரித்தவர் கறிக்கடைக்காரருடைய மகள். ஒலிப்பதிவின்போது மைக் பிடித்தவரும் அவரே.

"எழுதிக்கங்க," என்றாள். "சார் சொன்னது சரி. நான் சொல்லியிருக்கணும், சொல்லல. பழிதான். எனக்கு இவரு மேல ஆத்திரம் ஆத்திரமா வருது. அதையும் எழுதிக்கங்க. எழுதிட்டு, என்னை நம்பாம, மறுபடி கேளுங்க."

மூன்றாவது முறை போட்டாள். நாற்பது பேனாக்களும் நின்றிருந்தன. ஆத்திரத்துக்குப் பாங்கைப் பின்னால் தள்ளும் சக்தி இல்லை. அது அதே இடத்தில் குதித்தது.

"முழுப் பதிவு இருக்கா சார்?" என்றாள் பவதாரிணி. அவள் மேசையில் வகுப்பைப் பதிவுசெய்யும் சின்ன மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ராம்கி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். மைக் பிடித்தவள் எதிரில் நிற்கையில் இல்லை என்று சொல்ல வழியில்லை. "அவரு பாங்கு முடியட்டும்னாரு. வெளிச்சம் போயிரும்னு நான்தேன் விடல. முடிஞ்சப்புறம் சொன்னாரு, கடைக் கழிவை மீன்பண்ணை வண்டி தினம் வந்து எடுத்துட்டுப் போகுதுன்னு. அதுல வேகம் இல்ல. படத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. மண்ணு கொட்டுன பதிலை எடுத்து இங்க வச்சேன்."

சத்யப்ரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபர்ஹா, நானே வீட்டுக்கு வந்து அத்தா காலைப் பிடிக்கிறேன்," என்றான் ராம்கி.

"அவரை அத்தான்னு சொல்லாத. படத்துல பாய்னுதான கூப்பிட்ட."

அப்போதுதான் அவன் சிவப்பு விளக்கைக் கவனித்தான். வெளிறிப்போன முகத்தோடு பவதாரிணியிடம் குனிந்தான். "தங்கச்சி, இதை வெளிய போடும்போது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிரும்மா."

பவதாரிணி ஃபர்ஹாவைப் பார்த்தாள்.

"ஒரு சொல்லும் வெட்டாத," என்றாள் ஃபர்ஹா. "நான் பழின்னு சொன்னது, இவரு வெட்டச் சொன்னது, எல்லாம் முழுசா இருக்கட்டும்."

அவன் போன பிறகு வினாத்தாள்களை வாங்கி அடுக்கினாள். அத்தாவின் பஸ் திருமங்கலத்திலிருந்து கிளம்புவதற்குள் பதிவு அவர் போனுக்குப் போய்விட வேண்டும் என்று பவதாரிணியை அவசரப்படுத்தினாள்.