பாரம் ஏறினால் கத்தும் பூட்ஸ்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் சாக்குக் கட்டுகள் காணாமல் போனபோது, மேஸ்திரி காளியப்பன் கைகாட்டியது அங்கே கூலி வேலை பார்த்த ஞானமேரியை. தராசடியில் அத்தனை பேர் பார்க்க அவள் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னான். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் திருட்டுப் பட்டத்தோடு வேலை போயிற்று. அன்றிலிருந்து அவள் கோயில் பூசைக்குக்கூடப் போகவில்லை. அவளுடைய அண்ணன் சவுரியப்பன் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைப்பவன். காளியப்பனை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரியும்.

அந்தக் காளியப்பனே ஒருநாள் பூட்ஸைக் கழற்றி அவன் முன்னால் போட்டான்.

"சத்தம் தாங்கல. வண்டி அச்சுக்கு விடுற மாதிரி வெளக்கெண்ணெ விட்டேன், இன்னும் மோசமாயிருச்சு. நடந்தா புஸ்ஸுபுஸ்ஸுங்குது. பாரம் தூக்குனா கீச்சுன்னு ஊரக் கூட்டுது."

சவுரியப்பன் நிமிரவில்லை. பாரமா? நோட்டும் பேனாவும் தவிர எதையும் தூக்காத மேஸ்திரிக்குப் பாரம் எங்கிருந்து வந்தது? சாக்கைத் திருடியது யார் என்று மூன்று மாதமாக அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை தானாக வந்து காலடியில் விழுந்தது. கத்தியை எடுத்துக் கழுத்தில் வைக்கத்தான் தோன்றியது.

"மத்தியானம் வாங்க" என்றான்.

எண்ணெயில் பசை இளகி, உள்தோல் கழன்று உராய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அடித்தோலுக்கும் நடுவே காற்று நின்றது. மிதிக்கும்போதெல்லாம் அதுதான் புஸ்ஸென்றது. எண்ணெயைச் சுரண்டித் துடைத்து, பசை தடவி அழுத்தி, இடைவெளியை அடைத்தான். மேலே கொஞ்சம் சுண்ணாம்புத் தூள். இவ்வளவும் சில்லறை வேலை. செய்யாவிட்டாலும் பூட்ஸ் கெட்டுவிடாது. உண்மையான பழுது பாதத்தின் நடுவில் இருந்தது. அங்கே உள்ளே வைத்த இரும்புப் பட்டையின் ஆணி தளர்ந்திருந்தது. வெறும் ஆள் நடந்தால் பட்டை அசையாது. மூட்டையோடு மிதித்தால் வளைந்து ஆணியோடு உரசிக் கத்தும். அதைத்தான் கட்டாயம் சரிபண்ண வேண்டும். அதை மட்டும் அவன் தொடவில்லை.

காளியப்பன் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்தான். ஒரு சத்தமும் இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் சவுரியப்பன் மண்டி முதலாளி பச்சியப்பனிடம் போனான். "குடோன் பக்கத்துல கட்டில் போட்டு தூங்குற மாதிரி படுத்துக்கங்க. கீச்சுன்னு கேட்டா கண்ணத் தொறங்க, போதும்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டது. கண்ணைத் திறந்த முதலாளிக்கு முன்னால், தோளில் சாக்குக் கட்டோடு காளியப்பன் நின்றான்.

முதலாளி ஆளனுப்பி ஞானமேரியை வரவழைத்தார். அவளை உதறச் சொன்ன அதே தராசடியில் காளியப்பனின் வேட்டி மடிப்பை உதறச் சொன்னார். கூடிநின்ற பெண்களில் ஒருத்திகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஞானமேரி முதல் வரிசையில் நின்று பார்த்தாள்.

கூட்டத்தில் சவுரியப்பனைக் கண்டதும் காளியப்பன் பல்லைக் கடித்தான். "சரிபண்ணிட்டேன்னு சொல்லித்தானடா குடுத்த?"

"நடக்கறதுக்குச் சரிபண்ணேங்க" என்றான் சவுரியப்பன். "மேஸ்திரி எங்க மூட்டை தூக்கப்போறாருன்னு விட்டுட்டேன்."